சொன்ன கதை: மாணவர் இருவர் ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்துவது பற்றி



கட்டுரை ஏட்டை மாணவர்கள் இருவர் இருவராக மாற்றிக்கொண்டு திருத்தும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. அறுபது ஏடுகளை ஓர் ஆசிரியர் ஒரு வாரத்தில் திருத்திக் கொடுக்க முடியாது என்பதால் வந்த வழக்கம் அது. ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடாக மட்டுமே அதைப் பார்த்தால் அதில் பயனில்லை. ஒருவர் எழுத்தை ஒருவர் பார்க்கும்போது இருவரும் என்ன கற்கிறார்கள், எங்கே ஒருவருக்கொருவர் தீங்கு செய்துவிடுகிறார்கள் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர் திருத்தத்தில் பெரிய ஆபத்து, பிழையைக் கவனிக்காமல் விடுவதன்று. விட்ட பிழையை ஆசிரியர் அடுத்த வாரம் பிடித்துக்கொள்ளலாம். சரியாக எழுதப்பட்டதைப் பிழை என்று சொல்லித் திருத்திவிடுவதுதான் ஆபத்து. ஒற்று மிகும் இடங்களை நடத்திய மறுவாரம் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். ‘சொன்ன கதை’ என்று சரியாக எழுதியிருந்த பிள்ளையின் வரியில் பக்கத்துப் பிள்ளை ஒரு ‘க்’ செருகி, ‘சொன்னக் கதை’ ஆக்கியிருக்கும். செருகிய பிள்ளை பாடத்தைக் கவனித்த பிள்ளைதான். புதிதாகக் கற்ற விதியைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுப் பார்க்கிறது. எழுதிய பிள்ளையோ, தோழி முதல் மதிப்பெண் வாங்குகிறவள் என்பதால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. அன்றுவரை அதன் கை இயல்பாகச் சரியாக எழுதிவந்த ஒன்றில் அன்று முதல் ஐயம் புகுந்துவிடுகிறது. அடுத்த கட்டுரையில் ‘வந்தப் பையன்’ வரும், ‘பெரியக் கோயில்’ வரும்.

இங்கே துல்லியம் தவறியதோடு அன்பும் தவறியிருக்கிறது. திருத்தியவள் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தோழிக்குத் தன் காதின்மீது இருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டாள். ஆகவே கனிவுக்கு ஒரு பாடம், துல்லியத்திற்கு ஒரு பாடம் என்று பிரித்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்லப்போகும் நெறிகள் ஒவ்வொன்றும் இரண்டையும் ஒருங்கே காப்பவை.

தோழரோடு பயில்வதன் பயனைத் தமிழ் இலக்கண மரபு முன்பே கணக்கிட்டிருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில், ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் வரும் என்கிறது. உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கூடுகிறது. 2009-இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரோம், வெண்டி பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த 91 மாணவர்களை வைத்து இதையொத்த ஒரு கேள்வியைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்குப் பிறர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சி மட்டும். மறு சாராருக்குக் கிடைத்த கருத்தைக் கொண்டு எழுத்தைச் செப்பம் செய்யும் பயிற்சி மட்டும். பருவ முடிவில் கருத்துச் சொல்லிப் பழகியவர்களின் சொந்த எழுத்துதான் கூடுதலாக முன்னேறியிருந்தது. அதிலும் மொழித்தேர்ச்சி குறைந்த நிலையில் இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது.

இதிலிருந்து வகுப்பறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. நன்றாக எழுதும் பிள்ளையைத் திருத்துபவராகவும் தடுமாறும் பிள்ளையைத் திருத்தப்படுபவராகவும் நிரந்தரமாக இணைத்துவைத்தால், அதிகம் கற்கும் வாய்ப்பை அது குறைவாகத் தேவைப்படும் பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறை அப்படிப்பட்டது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் காப்பகத்தில் வளர்த்தெடுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அதில் ஒருவர் சொல்பவர், மற்றவர் கேட்பவர். நான் சொல்லும் முறையில் இருவரும் எழுதுகிறார்கள், இருவரும் படிக்கிறார்கள், ஒருவருக்கும் மற்றவர்மீது அதிகாரம் கிடையாது. இணை சேர்க்கும்போது தேர்ச்சியில் பக்கத்துப் பக்கத்துப் படியில் இருப்பவர்களைச் சேர்த்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஒரே இணை ஆண்டு முழுதும் நீடித்தால் இருவருக்கும் ஒரே குருட்டுப் புள்ளிகள் வந்துவிடுகின்றன.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பயிற்சிக்கென்று நான் ஆக்கிய ஒரு பத்தி இது. ஏடுகளில் அடிக்கடி காணும் பிழைகள் சிலவற்றை இதில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். பிழைபோலத் தோன்றும் சரியான இடங்களையும் வைத்திருக்கிறேன்.

“எங்கள் ஊர் ஏரி பெரியது. மழைக்காலத்தில் ஏரியில் தண்ணிர் நிரம்பும். அப்போது வெளிநாட்டுப் பறவைகள் வந்து மரங்களில் கூடு கட்டியது. அதை பார்க்க எல்லாரும் போவார்கள். சென்ற ஆண்டு மழை இல்லை. ஏரி வறண்டது. தாத்தா சொன்ன கதை எனக்கு நினைவு வந்தது. அந்த காலத்தில் ஏரிக்கரையில் சிறிய குளம் ஒன்று இருந்ததாம். ‘அது எங்க அய்யா வெட்டுன கொளம்லா’ என்று தாத்தா சொல்வார்.”

பிழைகள் நான்கு. ‘தண்ணிர்’ என்பதில் நெடில் விட்டுப்போயிற்று. ‘பறவைகள் கட்டியது’ என்பதில் எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. ‘அதை பார்க்க’, ‘அந்த காலத்தில்’ என்னும் இரண்டிலும் ஒற்று விடுபட்டிருக்கிறது. சரியாக இருந்தும் திருத்தக் கையை இழுக்கும் இடங்கள் ஐந்து: ‘ஏரி பெரியது’, ‘கூடு’ என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் இடைப்பட்ட இடம், ‘சொன்ன கதை’, ‘சிறிய குளம்’, கடைசியில் தாத்தாவின் பேச்சு.

இணைத் திருத்தம் தொடங்கும் முன் இதை வகுப்பு முழுதுக்கும் கொடுத்துத் தனித்தனியே அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஏடுகளைத் திரட்டிப் பார்க்கும்போது எத்தனை பேர் நான்கு பிழையையும் கண்டார்கள் என்று பார்ப்பதைவிட, அந்த ஐந்து சரியான இடங்களில் எத்தனை பேர் கோடு போட்டார்கள் என்று பாருங்கள். அந்தக் கணக்குதான் அந்த வகுப்பு ஒருவரையொருவர் திருத்த ஆயத்தமா என்பதைச் சொல்லும். ‘சொன்ன கதை’யில் வகுப்பில் பாதிப் பேர் கோடிட்டிருந்தால், இணை வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பெயரெச்சத்தை மறுபடி நடத்த வேண்டும்.

அடுத்தது எதைத் திருத்தலாம் என்ற வரையறை. எல்லாவற்றையும் திருத்துங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. ஒற்று இலக்கணம் முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இல்லை. நம்மில் பலர் கையிலும் இல்லை. ‘பள்ளிப் பிள்ளைகள்’ என்பதில் மிகுகிறது, ‘கூடு கட்டின’ என்பதில் மிகவில்லை. இரண்டும் வேற்றுமைத் தொகைகள்தாம். முன்னதில் உருபோடு பயனும் மறைந்திருக்கிறது, பின்னதில் இரண்டாம் வேற்றுமை உருபு மட்டும் மறைந்திருக்கிறது என்ற வேறுபாட்டைப் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டில் கண்டு சொல்வது அந்த வயதுக்குக் கடினம். அதை ஆசிரியருக்கு விட்டுவிடலாம். பிள்ளைகளிடம் மூன்று விதிகளை மட்டும் கொடுக்கிறேன். ‘ஐ’, ‘கு’ என்ற உருபுகள் வெளிப்படையாக வந்தால் அடுத்த க, ச, த, ப மிகும்: அதைப் பார்த்தேன், ஊருக்குப் போனேன். ‘அந்த, இந்த, எந்த’ என்பவற்றின் பின்னும், ‘அப்படி, இப்படி, எப்படி’ என்பவற்றின் பின்னும் மிகும். ‘வந்த, சொன்ன, பெரிய’ போன்ற பெயரெச்சங்களின் பின் மிகாது. இவற்றோடு எழுவாய்-பயனிலை இயைபு, எழுத்துப்பிழை. அவ்வளவுதான்.

மூன்றாவது விதிக்கும் விலக்கு உண்டு. ‘ஓடாத குதிரை’ மிகாது, ‘ஓடாக் குதிரை’ மிகும். ஆனால் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பிள்ளைகளின் கட்டுரைகளில் அருமையாகவே வரும். வரும்போது ஆசிரியர் சொல்லிக்கொடுக்கலாம். அறிஞர்களே இரு பக்கமாக நிற்கும் இடங்களை, ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா என்பதுபோன்றவற்றை, இணைத் திருத்தத்தில் தொடவே வேண்டாம்.

இந்த மூன்று விதிகளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இவற்றில் பெரும்பாலும் பிள்ளையின் காதே சாட்சி சொல்லும். வீட்டில் பேசுவதுபோல வரியைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அதப் பாத்தியா’ என்று சொல்லும்போது உதடு அழுந்திப் பிரிகிறது. ‘ஊருக்குப் போறேன்’, ‘அந்தப் பையன்’ என்பவற்றிலும் அப்படியே. ‘வந்த பையன்’ என்று சொல்லும்போது அந்த அழுத்தம் இல்லை. எழுதும்போது தடுமாறும் பிள்ளை, பேசும்போது இவற்றில் தவறுவதில்லை. அதனால்தான் திருத்தும் வேலையை வாய்விட்டுப் படிப்பதில் தொடங்க வேண்டும் என்கிறேன். காதுக்கும் எல்லை உண்டு. ‘சின்னப் பையன்’ என்று பேச்சில் அழுத்திச் சொல்லும் பழக்கத்தை நம்பி ‘சிறியக் குளம்’ என்று எழுதிவிடுவார்கள். பேச்சில் பல ஊர்களில் ரகர றகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் மங்கிவிட்டன. லகர ளகர ழகரமும் அப்படியே. எழுத்துப்பிழைக்குக் காதைக் கேட்கக் கூடாது, அகராதியைத்தான் கேட்க வேண்டும். வகுப்பு மேசைமீது ஒரு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருந்தால் போதும். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதை ஊக்குவியுங்கள். அதனால் எழும் சலசலப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு மாணவிகள் அந்தப் பத்தியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். எதிரெதிரே உட்காரக் கூடாது, அருகருகே உட்கார வேண்டும். ஏடு நடுவில் இருக்கட்டும். இருவர் ஏட்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் குனிந்துகொண்டால் உரையாடல் நடப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பத்தி, நாற்பது நிமிட வகுப்பில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியருக்கு.

முதலில் எழுதியவள் வாய்விட்டுப் படிக்கிறாள். பார்ப்பவள் கையில் பென்சில் இல்லை. படித்து முடித்ததும் பார்ப்பவள் தனக்குப் புரிந்ததைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். “உங்க ஊர் ஏரிக்குப் பறவை வரும். போன வருசம் மழை இல்ல, காஞ்சுபோச்சு. அப்போ தாத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு. சரியா?” இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமல் போடும் கோடு பெரும்பாலும் தவறான கோடாகவே இருக்கிறது. தைவானில் ஹூய்-ட்ஸு மின் என்ற பேராசிரியர் மாணவர் கருத்துரைக்கு வகுத்த நான்கு படிகளில் முதலாவது இதுதான். எழுதியவரின் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சிக்கலான இடத்தைக் காட்டுவது, அது ஏன் சிக்கல் என்று விளக்குவது, பிறகு ஒரு யோசனை சொல்வது. 2005-இல் வெளியான அவரது கட்டுரை, பயிற்சி தந்தபின் மாணவர்களின் கருத்துகள் இன்னும் குறிப்பாகவும் பொருத்தமாகவும் வந்ததைக் காட்டுகிறது.

சொல்லிக் காட்டும்போதே ஓட்டைகள் தெரிந்துவிடுகின்றன. நம் மாணவி கேட்கிறாள்: “ ‘அதை பார்க்க’ன்னு போட்டிருக்கியே, எதைப் பார்க்க? கூட்டையா, பறவையையா?” எழுதியவள், “பறவையத்தான்” என்கிறாள். அப்படியானால் ‘அதை’ பொருந்தாது, ‘அவற்றை’ வர வேண்டும். ஒற்றை மட்டும் பார்த்து ‘அதைப் பார்க்க’ என்று திருத்தியிருந்தால் விதி சரியாகவும் வாக்கியம் குறையாகவும் நின்றிருக்கும். பொருளைப் பற்றிய கேள்வி முதலில், எழுத்தைப் பற்றிய குறி பிறகு என்ற வரிசையின் பயன் இது.

இன்னொரு கேள்வியும் வருகிறது. “ஏரி காஞ்சதுக்கும் அந்தக் கொளத்துக்கும் என்ன? ஏன் அது ஞாபகம் வந்துச்சு?” எழுதியவள் சற்று யோசித்துவிட்டு, “கோடையிலயும் அதுல தண்ணி இருக்குமாம், தாத்தா சொல்வாரு” என்கிறாள். பத்தியில் இல்லாத வரி அது. அந்த வரி சேர்ந்த பிறகுதான் பத்தி முழுமையாகிறது. எந்தச் சிவப்பு மையும் அதை வரவழைத்திருக்காது.

இதற்கடுத்து, பிடித்த வரி ஒன்றைக் காட்டிக் காரணமும் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. அது யாருடைய எந்தக் கட்டுரைக்கும் பொருந்துவதால் எழுதியவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. “தாத்தா பேசுறத அப்படியே போட்டது எனக்குப் பிடிச்சிருக்கு, அவரு குரலே கேக்குது” என்றால் எழுதியவளுக்கு அடுத்த முறை என்ன செய்யலாம் என்று தெரிகிறது.

அந்தத் தாத்தாவின் வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘வெட்டுன கொளம்லா’ என்பதை ‘வெட்டிய குளம்’ என்று மாற்றும் ஆசை பல பிள்ளைகளுக்கு எழும். கூடவே ஒரு சிரிப்பும் வரும். நம் வகுப்புகளில் ஒரு பிள்ளையின் வீட்டுப் பேச்சு ஊரைக் காட்டும், தொழிலைக் காட்டும், சில வேளை சாதியையும் காட்டும். அதைப் பிழை என்று கோடிடும் பென்சில் அந்தப் பிள்ளையின் தாத்தாவைக் கோடிடுகிறது. இங்கே கனிவை மட்டும் நான் கேட்கவில்லை. இலக்கணப்படியும் அந்தக் கோடு தவறு. மேற்கோள் குறிக்குள் ஒரு மனிதரின் பேச்சைத் தரும்போது பேச்சு வழக்கே பொருத்தமான வடிவம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்ததோடு அந்த வழக்குகளுக்கு ஓர் அகராதியும் தொகுத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேற்கோளுக்கு வெளியே, கட்டுரையாளர் தாமே பேசும் இடத்தில் ‘கொளம்’ வந்தால் மட்டும் எழுத்துப்பிழை என்று குறிக்கலாம். இந்த எல்லையை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். சிரிப்பு வந்தபின் சொல்வது காலம் கடந்தது.

இப்போதுதான் பார்ப்பவள் பென்சிலை எடுக்கிறாள். நான்கே குறிகள். எழுத்துப்பிழைக்கு ‘எ’, ஒற்றுக்கு ‘ஒ’, எழுவாய்-பயனிலை முடிபுக்கு ‘மு’, புரியாததற்கும் உறுதியில்லாததற்கும் கேள்விக்குறி. வரியின் அடியில் மெல்லிய கோடு, ஓரத்தில் குறி. ஒரு பத்தியில் ஐந்து குறிகளுக்கு மேல் போடக் கூடாது. சரியான வடிவத்தை அவள் எழுதிக் காட்டக் கூடாது. இதுதான் நெறிகளில் முதன்மையானது, ஆசிரியர்கள் முதலில் தளர்த்திவிடுவதும் இதைத்தான். எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும்.

ஏன் கூடாது என்பதற்கு நம் பத்தியே சான்று. ‘பறவைகள் வந்து மரங்களில் கூடு கட்டியது.’ பார்ப்பவள் ‘மு’ என்று மட்டும் குறிக்கிறாள். விடையை எழுத விட்டிருந்தால் ‘கட்டின’ என்று எழுதியிருப்பாள், இயைபின்படி அது சரி. எழுதியவள் குறியைப் பார்த்துவிட்டு மேல்வரிக்குப் போகிறாள். அங்கே ‘தண்ணீர் நிரம்பும்’ என்று இருக்கிறது. கீழே ‘போவார்கள்’ என்று இருக்கிறது. ஆண்டுதோறும் நடப்பதைச் சொல்லும் இடம் இது. அவள் ‘கூடு கட்டும்’ என்று எழுதுகிறாள். பார்ப்பவளின் விடையைவிட இது நல்ல விடை. தன் பத்தி எந்தக் காலத்தில் நடக்கிறது என்று எழுதியவளுக்குத்தான் முழுதாகத் தெரியும். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பை அவளிடமிருந்து பறிக்கக் கூடாது.

ஒவ்வொரு குறிக்கும் பார்ப்பவள் அடிப்படை சொல்ல வேண்டும். “ஐ இருக்கு, அடுத்து ப வருது”, “அந்த-வுக்கு அப்புறம் க வருது”, “அகராதியில பாத்தேன்” என்று ஒரு வரி போதும். சொல்ல முடியாவிட்டால் ‘ஒ’வை அழித்துக் கேள்விக்குறி போட வேண்டும். அதை அவமானமாக நினைக்காதபடி ஆசிரியர் நடந்துகொள்ள வேண்டும். ‘சொன்ன கதை’யில் ஒற்றுப் போட நீண்ட கை இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. “ஏன்?” என்று தோழி கேட்கும்போது, ‘ஐ’யும் இல்லை, ‘அந்த’வும் இல்லை, சொல்ல எதுவுமில்லை. சொல்லிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் வரியாக இருக்கட்டும், ஆளாக இருக்க வேண்டாம். “நீ எப்பவும் ஒற்று விடுவ” என்பதை மறுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. “இந்த வரியில ஒற்று வேணும்னு நினைக்கிறேன், ஐ இருக்கு” என்பதை இருவரும் சேர்ந்து சரிபார்க்கலாம். மதிப்பெண் போடுவது அறவே கூடாது. பத்துக்கு ஆறு என்று எழுதிய கணத்தில் எல்லாப் பேச்சும் அந்த ஆறைப் பற்றியதாகிவிடும்.

எழுதியவளுக்கு மூன்று வழிகள் உண்டு. குறியை ஏற்றுத் திருத்தலாம். ஏற்காமல், காரணத்தை ஓரத்தில் எழுதலாம். ‘சிறிய குளம்: பெயரெச்சம், மிகாது’ என்று. இருவருக்கும் தெரியாவிட்டால் அந்தச் சொற்றொடரைக் கரும்பலகையின் ஒரு மூலையில் போய் எழுதிவிட்டு வரலாம். அந்த மூலைக்கு ஐயப் பட்டியல் என்று பெயர் வைத்திருக்கிறேன். யார் ஏட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதுவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ‘கூடு கட்டின’ பெரும்பாலும் அங்கே வந்து நிற்கும். வேற்றுமைத் தொகையை நடத்த அதைவிட நல்ல நேரம் அமையாது. கேள்வி பிள்ளைகளிடமிருந்து வந்திருக்கிறது.

நடப்பது சரியாக நடக்கிறதா என்று அறிய ஏடுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் போதும். பென்சில் குறி எல்லாவற்றையும் எழுதியவர் மறுப்பின்றி ஏற்றிருந்தால் அங்கே ஓர் அதிகாரம் வேலை செய்கிறது என்று பொருள். அந்த இணையை மாற்றிவிட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காரணத்தோடு மறுத்த குறி இருப்பது நலமான அறிகுறி. குறியே இல்லாத ஏடுகளை மகிழ்ச்சியோடு கடந்துவிடக் கூடாது. 1996-இல் ஜோன் கார்சனும் கெயில் நெல்சனும் அமெரிக்க வகுப்பொன்றில் சீன மொழி பேசும் மாணவர்களைக் கவனித்தபோது, குழுவின் இணக்கம் கெட்டுவிடும் என்று அவர்கள் குறையைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டதைக் கண்டார்கள். நம் பிள்ளைகளிடமும் அது உண்டு. குறிப்பாக ஒரே தெருவிலிருந்து வரும் தோழிகளிடம் உண்டு. குறை சொல்லுங்கள் என்று அறிவுரை கூறுவதால் அது தீராது. ‘ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்’ என்று வேலையாகவே கொடுத்துவிட்டால் தீர்கிறது. கேள்வி கேட்டதற்கான பொறுப்பு அப்போது தோழியைவிட்டு நீங்கி ஆசிரியர்மீது ஏறிவிடுகிறது.

இன்னும் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் இது கூடியதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையிடம் மற்றொருவர் ஏட்டைக் கொடுத்துக் குறி போடச் சொல்வது அதைக் கூண்டில் நிறுத்துவதாகும். தோழி தன் பத்தியைப் படித்துக் காட்ட, இந்தப் பிள்ளை கேட்டுவிட்டுப் புரிந்ததைச் சொல்லட்டும், இரண்டு கேள்வி கேட்கட்டும். “எதைப் பார்க்க?”, “ஏன் ஞாபகம் வந்துச்சு?” என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தறிவு தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பிள்ளை எழுதிய வரிகளைக் குறி போடத் தோழியிடம் கொடுக்க வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆசிரியர் அதன் அருகே போய் உட்கார்ந்து, அதே பென்சிலால், அதே நான்கு குறிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். மற்ற இணைகள் தம் வேலையைத் தாமே செய்துகொண்டிருப்பதால் அந்த நேரம் ஆசிரியருக்குக் கிடைக்கிறது.